ஐம்பதாயிரம் பவுச்சில் ஒரு வரி

கம்பம் பள்ளத்தாக்கில் சொந்தப் பெயர் போட்டுப் பொருள் விற்கும் தம்பி, தங்கைகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை தேனியில் நாம் கூடியபோது நான் அதிகம் வாய் திறக்கவில்லை. ஏலக்காய், திராட்சை ஜூஸ், வாழைக்காய் சிப்ஸ், மசாலாப் பொடி, செக்கெண்ணெய் என்று ஆளுக்கொரு பையோடு வந்திருந்தீர்கள். ஜி.எஸ்.டி.யில் ஆரம்பித்து கூரியர் கட்டணத்துக்குப் போய், கடைசியில் பேச்சு அணையில் வந்து நின்றது. நம்ம ஊரில் எந்தப் பேச்சும் ஒரு மணி நேரம் நீடித்தால் அணைக்குத்தான் வரும். அப்போதுதான் ஒரு தம்பி எழுந்து, எல்லோருடைய பாக்கெட்டிலும் பென்னிகுயிக் படத்தைப் போட்டு, கீழே ‘முல்லைப் பெரியாறு எங்கள் உரிமை’ என்று ஒரு வரியும் அச்சடிப்போம் என்றார். கேரளத்துப் பொருளை வாங்காதீர்கள் என்று எல்லோரும் ஒரே நாளில் ஸ்டேட்டஸ் வைப்போம் என்று இன்னொருவர் சேர்த்துக்கொண்டார். கைதட்டல் அடங்குமுன் என் பக்கம் திரும்பி, “அண்ணே, நாளைக்கே டிசைன் போட்டுக் குடுத்துருங்க” என்றீர்கள்.

நான் “பாப்பம்” என்றேன். நம்ம ஊரில் ‘பாப்பம்’ என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாததல்ல. அந்த ‘பாப்பம்’ ஏன் என்று எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அணை விஷயத்தில் எனக்கும் உங்களுக்கும் வேறுபாடு கிடையாது. என் கடையிலும் கல்லாவுக்கு மேலே அந்த மீசைக்கார வெள்ளைக்காரர் படம் தொங்குகிறது. ஜனவரி 15 அன்று லோயர் கேம்ப் மணிமண்டபத்துக்குப் போய்ப் பொங்கல் வைத்துவிட்டு வருகிற குடும்பம்தான் எங்களுடையதும். என் சந்தேகம் எல்லாம் பவுச்சைப் பற்றியது. இருபத்தி இரண்டு வருடமாக மற்றவர்களுடைய பாக்கெட்டுக்கு வார்த்தை தேடிக் கொடுத்துப் பிழைக்கிறவன் நான். ஒரு வரி ஒரு பொருளின்மேல் ஏறிய பிறகு அது எங்கெல்லாம் போகிறது, யார் கையில் முடிகிறது என்பதைக் கொஞ்சம் பார்த்திருக்கிறேன்.

போடித் தம்பியின் ஏலக்காய்ப் பவுச்சையே எடுத்துக்கொள்வோம். கணக்கை எழுத அவரே சம்மதித்தார். ஐம்பது கிராம் பவுச். கலர் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிலிண்டர் வெட்ட வேண்டும். அதற்கப்புறம் ஃபிலிம் அடிக்கிறவர் குறைந்தது இருநூறு கிலோவுக்கு ஆர்டர் கேட்கிறார். ஒரு காலிப் பவுச்சின் எடை சுமார் நான்கு கிராம். அப்படியென்றால் இருநூறு கிலோவில் ஐம்பதாயிரம் பவுச். தம்பி மாதம் விற்பது இரண்டாயிரம். இன்று எழுதுகிற வரி இருபத்தைந்து மாதம் கடை அலமாரியில் இருக்கும்.

ஸ்டேட்டஸ் இருபத்து நான்கு மணி நேரத்தில் மறைந்துவிடும். நோட்டீஸ் மறுநாள் வடை மடிக்கப் போகும். பவுச் அப்படி இல்லை. மழை நல்லாப் பெய்து, அணை நீர்மட்டம் ஏறி, இரண்டு மாநில அமைச்சர்களும் ஒரே மேடையில் கைகுலுக்குகிற நாளிலும் உங்கள் பவுச் கோபமாகவே நின்றுகொண்டிருக்கும். கோபம் தப்பு என்று சொல்லவில்லை. இரண்டு வருடம் தாங்குகிற கோபமா அது என்றுதான் கேட்கிறேன்.

அடுத்து, அந்த இரண்டாயிரம் பவுச் யாரிடம் போகிறது என்று இருவரும் உட்கார்ந்து பில் புத்தகத்தைப் புரட்டினோம். தொள்ளாயிரம் போல சென்னை, கோயம்புத்தூர், ஆன்லைன். ஐந்நூறு குமுளியில், தேக்கடிக்கு வருகிற சுற்றுலாக்காரர்களுக்கு விற்கும் கடைகளில். மிச்சம் மதுரை, திண்டுக்கல், கொஞ்சம் தேனி. போடியில் எத்தனை என்று கேட்டேன். சிரித்துவிட்டார். போடியில் எவன் பவுச்சில் ஏலக்காய் வாங்குவான்? தெரிந்த கடையில் கையளவு எடுத்து, நகத்தால் கீறி, முகர்ந்து பார்த்து, சில்லறையாக வாங்குகிற ஊர் அது. எட்டு எம்.எம். எது, ஏழு எது என்று கண்ணாலேயே சொல்கிற ஊர்.

இதுதான் எனக்கு முதல் முடிச்சு. அந்த வரியைப் படித்துப் புல்லரிக்கப் போகிறவர் கம்பத்துக்காரர், கூடலூர்க்காரர், போடிக்காரர். அவர் இந்தப் பவுச்சை வாங்குவதில்லை. வாங்குகிற சென்னை அக்காவுக்கு முல்லைப் பெரியாறு என்பது செய்தித்தாளில் எப்போதோ வந்து போகிற பெயர். அவருக்குக் காய் பச்சையாக இருக்கிறதா, சாயம் ஏற்றியதா, வாசனை நிற்குமா என்பதுதான் கேள்வி. குமுளிக் கடைக்காரரோ வரியைப் பார்த்த அன்றைக்கே பெட்டியைத் திருப்பி ஜீப்பில் ஏற்றிவிடுவார். அவர் மலையாளியாகக்கூட இருக்க வேண்டியதில்லை. குமுளியில் கடை வைத்திருக்கும் நம்ம ஊர்க்காரரும் அதைத்தான் செய்வார். அவர் கண்ணாடி, அவர் ஷட்டர்.

வாங்குகிறவரைப் பற்றி மட்டும் பேசினால் பாதிக் கணக்குதான். இன்னொரு கூட்டமும் அந்தப் பவுச்சைப் படிக்கிறது. அந்தக் காய் எங்கே விளைகிறது? வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பன்சோலை. எல்லாம் இடுக்கி மாவட்டம். போடியிலும் புற்றடியிலும் நடக்கிற நறுமணப் பொருள் வாரிய ஏலத்தில் எடுக்கிறீர்கள். தோட்டம் வைத்திருப்பவர்களில் நம்ம ஊர்க்காரர்களும் உண்டு, மலையாளிகளும் உண்டு. பறிப்பவர்களில் ஏராளமானோர் நம்ம பெண்கள். விடிவதற்கு முன்னால் கம்பத்திலும் தேவாரத்திலும் போடியிலும் தூக்குவாளியோடு ஜீப்பில் நெருக்கி ஏறி, கம்பம் மெட்டும் போடி மெட்டும் குமுளியும் தாண்டிப் போய், பொழுது சாய இறங்கி வருகிறவர்கள். ‘கேரளத்துப் பொருளை வாங்காதீர்கள்’ என்று ஏலக்காய்க் கம்பெனி ஸ்டேட்டஸ் வைத்தால், தம்பி, முதலில் நிறுத்த வேண்டியது உங்கள் கொள்முதலைத்தான்.

இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. 2011 டிசம்பர் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். சிலர் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். ஐயப்பன் சீசன் நேரம். அணைப் பிரச்சினையில் குமுளிப் பாதை அடைபட்டது. கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஆயிரக்கணக்கில் ஜனங்கள் எல்லையை நோக்கி நடந்தார்கள். 144 போட்டார்கள். தமிழ்நாடு முழுக்க, மலையாளிகள் நடத்திய டீக்கடையிலிருந்து பெரிய நகைக்கடை வரை கல் விழுந்தது. அந்தக் கடை முதலாளிகள் யாரும் அணையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாததற்கே கல். எல்லைக்கு அந்தப் பக்கம் தோட்டங்களில் இருந்த நம்ம ஜனங்கள், அடி வாங்கியும் பயந்தும், காட்டுப் பாதை வழியாக இறங்கி வந்தார்கள். கேரளத்துக்குப் போகவேண்டிய திராட்சையும் காய்கறியும் இங்கேயே தேங்கியது.

அந்த மாதத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்றுதான் உறைக்கும். நிலைப்பாடு எடுப்பவர் ஒருவர், அதற்கு விலை கொடுப்பவர் வேறொருவர். உரிமை முழக்கம் நியாயமானதுதான். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றமே 142 அடி வரை தேக்கலாம் என்று உறுதி செய்தது. ஆனால் நியாயமான முழக்கத்துக்கும் யாரோ ஒருவர் சம்பளத்தை இழந்துதான் ஆக வேண்டியிருந்தது. ஒரு கட்சியோ விவசாயிகள் சங்கமோ அந்த விலையைத் தெரிந்தே கேட்கலாம். அதற்காகத்தான் அவை இருக்கின்றன. மாதம் நூறு கிலோ ஏலக்காய் விற்கிற கம்பெனி, ஜீப்பில் போகிற அக்காவிடம் அந்த விலையைக் கேட்க முடியுமா?

இதையே மறுபக்கமாகத் திருப்பிப் பாருங்கள். 2025 மார்ச் 27-இல் ‘எம்புரான்’ என்ற மலையாளப் படம் வந்தது. அதில் பெயரை மாற்றி ஓர் அணையைக் காட்டி, நம்ம அணையை நினைவுபடுத்துகிற வசனங்களை வைத்திருந்தார்கள். நம்ம விவசாயிகளுக்கா புரியாது? படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவர் கோகுலம் கோபாலன். அவருடைய சிட் ஃபண்ட் நிறுவனத்துக்குத் தலைமை அலுவலகம் சென்னையில், கிளை கம்பத்தில். விவசாயிகள் அந்தக் கிளை முன்னால் போய் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். படம் எடுத்தவர்கள் அங்கே இல்லை. மாதத் தவணையை வாங்கி ரசீது போடுகிறவர்கள் இருந்தார்கள்.

சினிமா தனி, சீட்டுக் கம்பெனி தனி என்று முதலாளி நினைக்கலாம். வாடிக்கையாளர் மனதில் அப்படி இரண்டு கணக்குப் புத்தகம் கிடையாது. பெயர் ஒன்று, கணக்கும் ஒன்று. அதனால் ‘என் சொந்தக் கருத்து, கம்பெனிக்குச் சம்பந்தமில்லை’ என்று முகநூலில் எழுதுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: கம்பெனிக்கு உங்கள் பெயரோ உங்கள் அப்பா பெயரோ வைத்திருக்கிறீர்கள் என்றால், அந்த வாக்கியத்தை யாரும் படிக்கப்போவதில்லை.

இப்போது நீங்கள் கேட்பீர்கள்: அப்படியென்றால் வாயைப் பொத்திக்கொண்டு வியாபாரம் மட்டும் பார் என்கிறீர்களா அண்ணே?

இல்லை. அதற்கு ஒரு பெரிய கம்பெனியின் கதையைச் சொல்கிறேன். கல்யாண நகை வாங்கப் போகிற வீட்டில் தனிஷ்க் பெயர் தெரியாதவர் இருக்க மாட்டார்கள். டாடாவும் நம்ம அரசாங்கத்தின் டிட்கோவும் சேர்ந்து ஆரம்பித்த டைட்டன் கம்பெனியின் கடை அது. 2013-இல் அவர்கள் ஒரு விளம்பரம் எடுத்தார்கள். மணப்பெண் அலங்காரம் பண்ணிக்கொண்டிருக்கிறாள், பக்கத்தில் ஒரு சின்னப் பெண் குழந்தை. அது அவளுடைய மகள். மறுமணம். மாப்பிள்ளை அந்தக் குழந்தையையும் தூக்கிக்கொண்டு அக்கினியைச் சுற்றுகிறார். அந்த நாளில் அது சின்ன விஷயமில்லை. முணுமுணுத்தவர்கள் இருந்திருக்கலாம். ஆனால் நகை வாங்குகிற பெண்கள் அதைத் தங்கள் பக்கம் நிற்கிற விளம்பரமாகப் பார்த்தார்கள். விளம்பரம் நிலைத்தது.

2020 அக்டோபரில் அதே கம்பெனி இன்னொன்று எடுத்தது. ஒரு முஸ்லிம் வீட்டில், இந்து மருமகளுக்கு மாமியார் அவள் வழக்கப்படி வளைகாப்பு நடத்துகிறார். பார்க்கும்போது நம்ம பக்கத்து வீடு மாதிரிதான் இருக்கும். இணையத்தில் எதிர்ப்புக் கிளம்பி, புறக்கணிக்கச் சொல்லி எழுதினார்கள். அக்டோபர் 13 அன்று விளம்பரத்தை எடுத்துவிட்டார்கள். மனம் புண்பட்டதற்கு வருத்தம் தெரிவித்த அந்த அறிக்கையில், ஊழியர்கள், பங்குதாரர்கள், கடைப் பணியாளர்கள் இவர்களுடைய நலனைக் கருதி விலக்கிக்கொள்கிறோம் என்றும் சொன்னார்கள். குஜராத்தில் காந்திதாமில் இருந்த ஒரு கடைக்கு மிரட்டல் போன்கள் வந்தன. கடைக் கதவில் மன்னிப்பு எழுதி ஒட்டியிருந்தார்கள்.

பலர் அன்றைக்குக் கம்பெனியைக் கோழை என்றார்கள். நான் அந்தக் கதவில் ஒட்டியிருந்த தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெங்களூரிலும் மும்பையிலும் உட்கார்ந்து விளம்பரத்தை யோசித்தவர்கள் ஒரு பக்கம். ஷட்டரைத் தூக்கிவிட்டுக் கல்லாவில் உட்காருகிறவர் இன்னொரு பக்கம். எதிர்ப்பு வந்தால் நீ என்ன சொல்ல வேண்டும், யாருக்கு போன் பண்ண வேண்டும், எத்தனை நாள் கடையை மூடிக்கொள்ளலாம், மூடிய நாளுக்குச் சம்பளம் உண்டா என்று அவரிடம் முன்கூட்டி யாராவது பேசியிருந்தார்களா என்பது எனக்குள் ஓடிய கேள்வி. கருத்து தப்பில்லை. என் கணிப்பில் அது நல்ல கருத்து, அழகான விளம்பரமும்கூட. அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய ஏற்பாடுதான் கீழே வரை போகவில்லை என்று தோன்றுகிறது. விளம்பரத்தை விலக்கிய பிறகு எதிர்த்தவர்களும் மன்னிக்கவில்லை, ஆதரித்தவர்களும் விலகினார்கள். அதைச் சொல்லாமலே இருந்திருந்தால் நஷ்டம் கொஞ்சம். சொல்லிவிட்டு நின்றிருந்தால் நஷ்டத்தோடு ஒரு பெயரும் மிஞ்சியிருக்கும். சொல்லிவிட்டுப் பின்வாங்கியதில் இரண்டு நஷ்டமும் சேர்ந்துகொண்டன.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு சின்ன உதாரணமும் உண்டு. 2021 அக்டோபரில் சொமேட்டோவில் சாப்பாடு வராத ஒருவர் வாடிக்கையாளர் சேவையில் புகார் சொல்ல, இந்தி தேசிய மொழி, கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் என்று பதில் வந்தது. ஊரே கொதித்தது. கம்பெனி தமிழில் வணக்கம் வைத்து மன்னிப்புக் கேட்டது, அந்த ஊழியரை வேலையை விட்டு எடுத்துவிட்டோம் என்றது. சில மணி நேரத்தில் கம்பெனி நிறுவனரே, இதற்கெல்லாம் வேலையை விட்டு எடுக்க முடியாது, திரும்பச் சேர்த்துக்கொள்கிறோம் என்று எழுதினார். மொழிகளை மதிக்கிறோம் என்பதும் ஊழியரைக் காப்போம் என்பதும் நல்ல கொள்கைகள்தான். இரண்டும் மோதினால் எது முதல் என்று மட்டும் முன்னாடியே தீர்மானிக்கவில்லை. அந்த அரை நாள் வேலை போன நிலையில் உட்கார்ந்திருந்தவர் மாசச் சம்பளக்கார ஊழியர்.

இவ்வளவும் சொன்ன பிறகு உங்களில் இரண்டொருவர் மனதுக்குள், “நல்லவேளை, நாமெல்லாம் எதிலயும் தலையிடுறது இல்லை” என்று நினைப்பீர்கள். அங்கே கொஞ்சம் நில்லுங்கள். என் கடையில்தான் ஃப்ளெக்ஸ் டிசைனும் போடுகிறோம். அக்டோபர் 30 குருபூஜைக்கு உங்கள் கம்பெனி லோகோ போட்டு வாழ்த்து கேட்டு வருகிறீர்கள். செப்டம்பர் 11 நினைவு நாளுக்கு வேண்டுமா என்று நான் கேட்டால், “அது வேண்டாம்ணே, தேவையில்லாத பேச்சு வரும்” என்கிறீர்கள். இதற்கு நேர்மாறாகக் கேட்டு வருகிறவர்களும் உண்டு. ஊர்த் திருவிழா நோட்டீசில் எந்தத் தெருப் பந்தலுக்கு நன்கொடை, எந்தத் தெருவுக்கு இல்லை என்பதும் எனக்குத் தெரியும், புரூஃப் நான்தானே பார்க்கிறேன். இதை யாரும் ‘நிலைப்பாடு’ என்று சொல்வதில்லை. ஃப்ளெக்ஸ் இல்லாத தெருவில் இருக்கிற வாடிக்கையாளர் மட்டும் அப்படித்தான் படிக்கிறார். கடை மாறிப் போகும்போது காரணம் சொல்ல மாட்டார். நீங்கள் விலை கூடிப்போச்சோ என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள்.

ஆகவே பேசுவதா வேண்டாமா என்று மட்டும் கேட்டால் போதாது. நீங்கள் ஏற்கெனவே பேசிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். யோசித்துப் பேசுகிறீர்களா, பழக்கத்தில் பேசுகிறீர்களா என்று பாருங்கள்.

சரி, அந்த வரிக்கு வருவோம். எல்லோருக்கும் ஒரே வரி என்றதுதான் என் தலைவலி. ஏலக்காய்த் தம்பிக்கு அது பொருந்தாது என்று பார்த்தோம். திராட்சை ஜூஸ் போடுகிற தங்கைக்கு? அங்கே கதை வேறு. அவருடைய பழம் சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டிப் பக்கம் விளைகிறது. 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் வந்துவிட்டது. தோட்டத்துக்குப் பாய்வது பெரும்பாலும் கிணற்றுத் தண்ணீர்தான். ஆனால் ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் ஓடினால்தானே கிணறு ஊறும்? பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நெல் வயல் அணைத் தண்ணீரை நம்பி இருக்கிறது. அந்தத் தண்ணீர் இறங்காத வருடம் திராட்சைக் கிணற்றிலும் மோட்டார் காற்றைத்தான் இழுக்கும். ஆக, அணை அவருடைய பாட்டிலுக்குள்ளேயே இருக்கிறது. அவர் அதைச் சொல்வது வாங்குகிறவருக்கும் ஒரு சேதி.

எப்படிச் சொல்வது என்பதில் மட்டும் எனக்கு ஒரு யோசனை இருந்தது. தங்கைக்கு இரண்டு டிசைன் போட்டுக் காட்டினேன். ஒன்றில் நீங்கள் கேட்ட முழக்கம். இன்னொன்றில் பாட்டிலின் பின்பக்கம், சின்ன எழுத்தில்: ‘மேற்கே ஓடிக் கடலில் கலந்த தண்ணீரை 1895-இல் பென்னிகுயிக் கிழக்கே திருப்பினார். இந்தத் திராட்சைத் தோட்டத்துக் கிணறு அந்தத் தண்ணீரில் ஊறுகிறது.’ தங்கை இரண்டையும் மேசையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். அப்புறம் கேட்டார்: “அண்ணே, நம்ம பழத்தைப் பாதிக்கு மேல எடுக்குறது கேரளத்து வியாபாரிதான. அவரு கையில இத நான் குடுக்கலாமா?” முதல் டிசைனைக் கொடுக்க முடியாது, இரண்டாவதைக் கொடுக்கலாம் என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். இரண்டாவதில் இருப்பது மறுக்க முடியாத ஒரு சேதி, ஒரு நன்றி. அதைப் படித்து ஒரு மலையாளி முகம் சுளித்தால், அந்தச் சுளிப்பைத் தங்கை தாங்கிக்கொள்ளலாம். அது அவருடைய கிணறு.

அதற்காக அந்த வரியைப் போட்டதால் பெரிய தைரியசாலி ஆகிவிட்டோம் என்றும் நினைக்க வேண்டாம். பென்னிகுயிக்கைக் கும்பிடுவது நம்ம ஊரில் யாருக்கும் செலவு வைக்காத காரியம். தேனி பஸ் ஸ்டாண்டுக்கே அவர் பெயர்தான். எல்லோரும் ஒத்துக்கொள்கிற ஒன்றைச் சொல்வது ஊர்ப்பாசம். நல்லதுதான், அதற்குமேல் பெயர் வைக்க வேண்டாம்.

செலவு வைக்கிற நிலைப்பாடு எது என்று போடித் தம்பி கேட்டார். அவருக்கு ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்ற துடிப்பு. எனக்குத் தோன்றியது அந்த ஜீப். பத்துப் பேர் ஏறவேண்டிய வண்டியில் பதினைந்து, இருபது பேர். கொண்டை ஊசி வளைவில் கவிழ்ந்த செய்தி வராத வருடம் குறைவு. ‘தொழிலாளியின் பாதுகாப்பான பயணத்துக்கு நாங்கள்’ என்று ஓர் ஏலக்காய்ப் பவுச் சொன்னால் அது வெறும் பேச்சாக இருக்காது என்று நினைத்தேன். தம்பி உடனே தலையை ஆட்டினார். அப்புறம் நாங்களே அதில் ஓட்டை கண்டுபிடித்தோம். அவர் வாங்குவது ஏலத்தில். ஏலத்துக்கு வருகிற லாட்டில் விவசாயி நேரே கொண்டுவந்த காயும் உண்டு, வியாபாரி ஒருமுறை வாங்கி மறுபடி ஏலத்தில் போட்ட காயும் உண்டு. எந்தத் தோட்டத்தில், எந்த ஜீப்பில் வந்தவர் பறித்தது என்று அவரால் சொல்ல முடியாது. யாராவது ஒரு நிருபர் வந்து “எந்தத் தோட்டம், எத்தனை வண்டி, காட்டுங்கள்” என்று கேட்டால் பவுச்சில் இருப்பது பொய்யாகிவிடும். நல்லெண்ணத்தில் சொன்ன பொய், ஆனாலும் பொய்.

அவரால் காட்ட முடிந்தது ஒன்றே ஒன்று. அவர் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஷெட். அங்கே ஒன்பது பெண்கள் முறத்தை மடியில் வைத்துக் காம்பு கிள்ளி, சல்லடையில் போட்டு, வெடித்த காயையும் வெளுத்த காயையும் பொறுக்கி ஒதுக்குகிறார்கள். நான் போனபோது தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். காய்த் தூசி வெயிலில் மிதந்தது. பாத்ரூம் பக்கத்து வீட்டில். கூலி, கிலோக் கணக்கில். காய் வராத நாளில் ஒன்றும் இல்லை.

“இவங்களுக்கு என்ன பண்ணலாம்னு பாருங்க தம்பி. பண்ணினப்புறம் பவுச்சுக்கு வருவோம்” என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, பாத்ரூம் கட்ட எவ்வளவு ஆகும் என்று கொத்தனாருக்கு போன் போட்டார். நாள் கூலியாக மாற்றினால் கிலோவுக்கு எவ்வளவு ஏறும் என்று கால்குலேட்டரில் தட்டிப் பார்த்து முகத்தைச் சுருக்கினார். பவுச்சுக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் கூடுகிறது. சென்னை அக்கா அந்த இரண்டு ரூபாயைக் கொடுப்பாரா என்பது தெரியாது. கேட்டுப் பார்க்கலாம். அந்த அக்காவிடம் கேட்கத் தகுதியான கேள்வி அது.

போன வாரம் நீங்கள் கேட்ட டிசைனை நான் போடவில்லை. எல்லோருக்கும் ஒரே வரி என்றால் இனியும் போடமாட்டேன், தேனியில் வேறு ஆர்ட்டிஸ்ட் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒன்றாக வேண்டுமென்றால் வாருங்கள். வரும்போது மூன்று மாதத்து பில் புத்தகத்தையும், சரக்கு எங்கே எடுக்கிறீர்கள் என்ற விவரத்தையும் கொண்டுவாருங்கள். முடிந்தால் கடையில் நிற்கிற பையனையோ, பேக்கிங் பண்ணுகிற அக்காவையோ கூட்டி வாருங்கள். அந்த வரியை முதலில் அவர்களிடம் படித்துக் காட்டிவிட்டு அப்புறம் அச்சுக்கு அனுப்புவோம்.

தங்கையின் பாட்டில் லேபிள் வெள்ளிக்கிழமை பிரஸ்ஸுக்குப் போகிறது. ‘ஊறுகிறது’ என்பதில் ‘று’ சரியாக விழுந்திருக்கிறதா என்று யாராவது ஒருவர் வந்து இன்னொரு கண் பார்த்துவிட்டுப் போனால் நல்லது. எனக்கு இப்போதெல்லாம் சின்ன எழுத்து தெரிவதில்லை.

அன்புடன்,
உங்கள் டிசைன்காரர்,
பெரியகுளம் ரோடு, தேனி